ஆடிட்டர் 1.85 என்கிறார், வங்கி 1.12 என்கிறது: கடன் திருப்பும் திறனை வங்கி கணக்கிடும் விதம்

கேள்வி: கோவையில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருட விற்பனை 62 லட்சம், வரி போக லாபம் 5 லட்சம். உலோகம் வெட்டும் 40 லட்ச ரூபாய் விஎம்சி மெஷின் வாங்க 30 லட்சம் டேர்ம் லோன் கேட்டேன், ஐந்து வருடம், 10% வட்டி. வீட்டை ஈடாகத் தருகிறேன், சிபில் ஸ்கோரும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் கடன் திருப்பும் திறனைக் காட்டும் டிஎஸ்சிஆர் விகிதம் 1.12தான் வருகிறது, போதாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். ஆடிட்டர் 1.85 போட்டுக் கொடுத்திருந்தார். பழைய சிஎன்சி லேத் கடனுக்கு மாதம் 20,000 தவணை இன்னும் இரண்டு வருடம் போகும். கையில் 5 லட்சம் டெபாசிட் இருக்கிறது. யார் கணக்கு சரி? நான் என்ன செய்யலாம்?

பதில்: இரண்டு பேரும் ஒரே சூத்திரத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். அதற்குள் வைத்த எண்கள்தான் வேறு. நான் வங்கியில் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையைப் பல வருடம் பார்த்தவன். உங்கள் விண்ணப்பத்தை என் மேஜையில் வைத்திருந்தால் நானும் ஏறக்குறைய 1.12-க்குத்தான் வந்திருப்பேன். ஆனால் அதோடு ஃபைலை மூடியிருக்க மாட்டேன். உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம்.

சூத்திரம் எளிமையானது. ஒரு வருடத்தில் கடனைக் கட்டுவதற்குத் தொழிலில் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது மேலே. அந்த வருடம் அசலும் வட்டியுமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் டிஎஸ்சிஆர்.

மேலே போடுவது வரி போக லாபம், அதோடு தேய்மானம், அதோடு டேர்ம் லோன் வட்டி. தேய்மானத்தைத் திரும்பச் சேர்ப்பதற்குக் காரணம், அது கணக்குப் புத்தகத்தில் செலவாக எழுதப்படுகிறதே தவிர அந்த வருடம் கையை விட்டுப் போகும் பணம் இல்லை. வட்டியைச் சேர்ப்பதற்குக் காரணம், அது கீழே ஏற்கெனவே இருக்கிறது. லாபத்திலும் கழித்துக் கீழேயும் வைத்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். நடைமுறை மூலதனத்துக்கு வங்கி தரும் சிசி லிமிட்டின் வட்டியை மட்டும் திரும்பச் சேர்ப்பதில்லை. அது தொழில் ஓடுவதற்கான அன்றாடச் செலவு, லாபத்தில் கழிந்தது கழிந்ததுதான். இந்த அளவுக்கு எந்த வங்கிக்குப் போனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதலில் கீழே உள்ள எண்ணைப் பார்ப்போம், அதில் தகராறு இல்லை. 30 லட்சத்தை 60 மாதத்துக்குச் சமமாகப் பிரித்தால் அசல் மாதம் 50,000, வருடத்துக்கு 6 லட்சம். குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு 10% வட்டி என்றால் முதல் வருட வட்டி சுமார் 2.7 லட்சம். ஆக, புதுக் கடனுக்கு 8.7 லட்சம். பழைய லேத் கடனுக்கு வருடம் 2.4 லட்சம். மொத்தம் 11.1 லட்சம். பழைய கடனைச் சேர்க்காமல் தங்கள் மனக்கணக்கில் டிஎஸ்சிஆர் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. வங்கி எல்லா டேர்ம் லோன்களையும் சேர்த்துத்தான் பார்க்கும். வேறு வங்கியில் வாங்கியதாக இருந்தாலும் கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்.

இனி மேலே உள்ள எண். நீங்கள் ஆடிட்டரின் ப்ராஜெக்‌ஷனைக் கேள்வியில் போடவில்லை. ஆனால் 1.85 வர வேண்டுமென்றால் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் ஓடியிருக்க வேண்டும்: விற்பனை 95 லட்சம், வரி போக லாபம் 9 லட்சம், புது மெஷினின் தேய்மானத்தையும் சேர்த்து மொத்தத் தேய்மானம் 8.5 லட்சம், இரண்டு கடன்களின் வட்டி 3.1 லட்சம். கூட்டினால் 20.6 லட்சம். 11.1-ஆல் வகுத்தால் 1.85. கூட்டலில் ஒரு தப்பும் இல்லை. 95 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

கடன் அதிகாரி இதை இரண்டு பக்கத்திலிருந்து சோதிப்பார். ஒன்று, கடந்தகாலம். ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டிய விற்பனை, கரண்ட் அக்கவுண்ட்டில் வந்து விழுந்த வரவு, வருமான வரிக் கணக்கு மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வருடத்துக்கு மூன்று லட்சம்போல வளர்ந்து 62-க்கு வந்த பட்டறை ஒரே வருடத்தில் 33 லட்சம் தாவும் என்றால் அதற்குக் காரணம் கேட்பார். இன்னொன்று, மெஷின். ஒரு விஎம்சி இரண்டு ஷிஃப்ட் ஓடினால் மாதம் 25 நாளுக்கு 400 மணி நேரம். செட்டிங், டூல் மாற்றம், வேலை இல்லாத நேரம் போக 340 மணி நேரம் உண்மையில் வெட்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 500 ரூபாய் ரேட் என்றால் மாதம் 1.7 லட்சம், வருடத்துக்கு 20.4 லட்சம். பழைய மெஷின்களின் வழக்கமான வளர்ச்சி ஒரு மூன்று லட்சம். எப்படிப் பார்த்தாலும் விற்பனை 85 லட்சத்தைப் பெரிதாகத் தாண்டாது. 95 வேண்டுமென்றால் அந்த ஒரு மெஷின் மூன்று ஷிஃப்ட் ஓட வேண்டும், அதற்கு ஆர்டரும் ஆப்பரேட்டரும் வேண்டும். (உங்கள் ரேட் 500-க்கு மேல் என்றால் இந்த இடத்தில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அதற்கேற்ப மாறும்.)

விற்பனை 10 லட்சம் குறைந்தால் லாபம் எவ்வளவு குறையும்? ஜாப் ஒர்க்கில் கூலி, கரண்ட், டூல் எல்லாம் போக 100 ரூபாய்க்கு 40 ரூபாய் நிற்கிறது என்று எடுத்தால் 4 லட்சம் குறையும். வரியில் வரும் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடலாம். 20.6 இப்போது 16.6 ஆகிவிட்டது.

அடுத்தது, ப்ராஜெக்‌ஷனில் பெரும்பாலும் கண்ணுக்கே படாத ஒன்று: வீட்டுச் செலவு. கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் டைரக்டர் சம்பளம் செலவுக் கணக்கில் வந்துவிடும். உங்களுடையது தனிநபர் பட்டறை என்று நினைக்கிறேன். அதில் நீங்கள் வீட்டுக்கு எடுப்பது லாப நஷ்டக் கணக்கிலேயே வராது, மூலதனக் கணக்கில் டிராயிங்ஸ் என்று கழியும். லாபம் 9 லட்சம் என்று காட்டியிருக்கும், ஆனால் அதிலிருந்துதான் மளிகையும் பள்ளிக் கட்டணமும் போகிறது. மாதம் 35,000 எடுத்தால் வருடத்துக்கு 4.2 லட்சம். அதைக் கழித்தால் 12.4 லட்சம். 12.4-ஐ 11.1-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.12.

டிராயிங்ஸைக் கழிப்பதில் மட்டும் வங்கிக்கு வங்கி வழக்கம் மாறும். சிலர் முழுதாகக் கழிப்பார்கள், சிலர் வீட்டில் வேறு வருமானம் இருந்தால் விட்டுவிடுவார்கள். உங்கள் மனைவிக்குச் சம்பளமோ உங்களுக்கு வாடகை வருமானமோ இருந்து, அதை விண்ணப்பத்தில் காட்டாமல் விட்டிருந்தால், இப்போது ஆதாரத்தோடு காட்டுங்கள். நான் கழிக்கிற பக்கம்தான். தவணையா, வீட்டுச் சாப்பாடா என்று வரும்போது எவரும் சாப்பாட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும்.

1.12 என்றால் கட்ட வேண்டியதைவிடப் பன்னிரண்டு சதவீதம் அதிகமாக வருகிறதே, அப்புறம் ஏன் போதாது? பொதுவாக வங்கிகள் கடன் காலம் முழுமைக்குமான சராசரி 1.5 அளவிலும், எந்த ஒரு வருடமும் 1.2-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். இது சட்டம் இல்லை. ஒவ்வொரு வங்கியும் தன் கடன் கொள்கையில் தானே வைத்துக்கொள்ளும் அளவு, சில வங்கிகளில் கொஞ்சம் கூடும், சிலவற்றில் குறையும். உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, மேலே உள்ள 12.4 அப்படியே ஓடினால்கூட மூன்றாம் வருடம் பழைய கடன் முடிந்து வட்டியும் இறங்குவதால் 1.65 ஆகிறது, ஐந்தாம் வருடம் 1.96. ஐந்து வருடச் சராசரி ஏறக்குறைய 1.5 வந்துவிடும். ஆக, இடிப்பது சராசரி இல்லை. முதல் இரண்டு வருடம்தான்: 1.12, 1.18. இரண்டு கடனும் சேர்ந்து அழுத்தும் காலம் அது.

அந்த இடைவெளி எதற்குத் தேவை என்பதற்கு இரண்டு சோதனை போட்டுப் பார்ப்போம், வங்கியிலும் இதைப் போடுவார்கள். வட்டி 10-லிருந்து 12 ஆனால் முதல் வருடம் கட்ட வேண்டியது அரை லட்சத்துக்கு மேல் கூடி, விகிதம் 1.06-க்கு இறங்கும். இது கற்பனை பயம் இல்லை. 2019 அக்டோபர் முதல் குறு, சிறு தொழில்களுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்களை வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5-க்கு ஏறியது. ரெப்போவோடு இணைந்த கடன் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தவணையோ காலமோ கூடியது. இரண்டாவது சோதனை, விற்பனை 10% குறைந்தால். 8.5 லட்சத்தில் 40%, அதாவது 3.4 லட்சம் குறைந்து மேலே 9 லட்சம்தான் நிற்கும். 11.1 கட்ட வேண்டிய இடத்தில் 9. அதாவது 0.81. ஒரு பெரிய கஸ்டமர் ஆர்டரைக் குறைத்தால் போதும், விற்பனை அந்த அளவு இறங்கிவிடும்.

வீடு ஈடாக இருக்கிறதே என்றால், ஈடு என்பது கடன் கெட்டுப்போன பிறகு வங்கிக்கு எவ்வளவு திரும்பும் என்பதற்கான பதில். தவணை கட்ட முடியுமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக் கடன், அதன் பிறகு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர நோட்டீஸ், வழக்கு என்று இழுக்கும். எந்த மேனேஜரும் அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட விரும்ப மாட்டார். சிபில் ஸ்கோரும் அப்படித்தான். இதுவரை ஒழுங்காகக் கட்டினீர்கள் என்பதைச் சொல்லும், 11 லட்சம் கட்டும் அளவுக்கு இனி வருமானம் வருமா என்பதைச் சொல்லாது.

சரி, என்ன செய்யலாம். எளிதானதிலிருந்து வருகிறேன். நான் மேலே போட்டது அசலைச் சமமாகப் பிரிக்கும் முறை. அதில் முதல் வருடம்தான் சுமை அதிகம். அதே கடனைச் சம மாதத் தவணையாக, அதாவது இஎம்ஐ-யாகக் கேட்டால் மாதம் சுமார் 63,740, வருடத்துக்கு 7.65 லட்சம். பழைய கடனோடு 10.05 லட்சம். விகிதம் 1.23. தொகையும் காலமும் மாறாமல் 1.2-ஐத் தாண்டிவிட்டது. கடைசி வருடங்களில் கொஞ்சம் அதிகம் கட்டுவீர்கள், மொத்த வட்டியும் கூடும், ஆனால் உங்களுக்கு நெருக்கடி முதல் இரண்டு வருடம்தான். உங்கள் வங்கி எந்த முறையில் போட்டது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்தது காலத்தை நீட்டுவது. ஏழு வருடம், சம அசல் என்றால் முதல் வருடம் புதுக் கடனுக்கு 7.1 லட்சம், மொத்தம் 9.5 லட்சம், விகிதம் 1.31. விஎம்சி நன்றாகப் பராமரித்தால் ஏழு வருடத்துக்கு மேலும் ஓடும் என்பதால் வங்கி இதற்குப் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். உங்கள் பழைய லேத் கடனில் பாக்கி அசல் இன்று சுமார் 4.3 லட்சம் இருக்கும். டெபாசிட்டிலிருந்து அதை அடைத்துவிட்டால் வருடம் 2.4 லட்சம் சுமை மறைந்துவிடும். கீழே 8.7 மட்டும் நிற்கும், விகிதம் 1.42. காலத்தை நீட்டவே வேண்டாம். அதே 4.3 லட்சத்தைக் கூடுதல் மார்ஜினாக, அதாவது மெஷின் விலையில் உங்கள் கைப்பணமாகப் போட்டுப் புதுக் கடனை 25.7 லட்சமாகக் குறைத்தால் 1.26-தான் வரும். ஒரே பணம், இரண்டு விதமான பலன். முடியப்போகும் கடன் பாக்கி தொகைக்குப் பார்த்தால் மிக வேகமாக அசலைக் கேட்கும், புதுக் கடன் மெதுவாகக் கேட்கும் என்பதுதான் காரணம். பழையதை அடைத்த பிறகு 12% வட்டிச் சோதனையில் 1.34 நிற்கிறது, 10% விற்பனைச் சரிவிலும் 1.03, அதாவது மூக்குக்கு மேல் தண்ணீர் போகவில்லை. முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று பழைய சாங்ஷன் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த டெபாசிட்டைத் தொடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 40 லட்சம் என்பது ஜிஎஸ்டி இல்லாத விலையா? அப்படியென்றால் 18% சேர்த்து 7.2 லட்சம் மெஷின் வாங்கும்போதே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும், ஆனால் உங்கள் விற்பனை வரியில் மாதாமாதம் கழிந்துதான் கிடைக்கும். திரும்பக் கிடைக்கிற பணம் என்பதால் பல வங்கிகள் ஜிஎஸ்டி பகுதிக்குக் கடன் தருவதில்லை. அந்த 7.2-க்கும் உங்கள் 10 லட்சம் மார்ஜினுக்கும் தனியாகப் பணம் ஏற்பாடு ஆகியிருந்தால் மட்டும் பழைய கடனை அடையுங்கள். அதற்கும் இந்த டெபாசிட்டைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் அதைத் தொடாமல் ஏழு வருடக் கடனைக் கேளுங்கள்.

ஆறு மாதம் தவணை விடுமுறை கேட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் வருடம் அசலில் பாதிதான் கட்டுவதால் ஷீட்டில் 1.49 என்று அழகாகத் தெரியும். ஆனால் இரண்டாம் வருடம் முழு அசலும் கூடுதல் பாக்கிக்கு வட்டியும் பழைய கடனும் சேர்ந்து 1.15-க்கு விழும். மெஷின் வந்து இறங்கி, ஃபவுண்டேஷன், ட்ரயல் எல்லாம் முடிந்து பில் போடும் வரைக்கும் விடுமுறை நியாயமானதுதான், கேட்கவும் வேண்டும். ஆனால் உங்களுக்கு இருக்கும் நெருக்கடி ஆறு மாதத்தில் முடிவதில்லை, பழைய கடன் முடியும்போதுதான் முடிகிறது.

விற்பனை மதிப்பீட்டை 85-லிருந்து உயர்த்திக் காட்ட ஒரே வழி, கஸ்டமர்களிடமிருந்து எழுத்தில் வாங்கிய ஆர்டர் அல்லது மாத அட்டவணை. இன்ன பார்ட், மாதம் இத்தனை எண்ணிக்கை, ஒரு பார்ட்டுக்கு இவ்வளவு நிமிடம், இந்த ரேட் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனால் அதிகாரி அந்த மெஷின் மணிக் கணக்கை உங்களோடு உட்கார்ந்து மறுபடி போடுவார். பில் இல்லாமல் கைக்கு வரும் வேலையை வாய்வார்த்தையாகச் சொல்லிப் பயனில்லை, ரிட்டர்னில் இல்லாத வருமானத்தை வங்கியால் மேலே சேர்க்க முடியாது.

கடைசியாக, இந்த விகிதம் பார்க்காத ஓர் இடம் உண்டு. மேலே நாம் கூட்டியது லாபத்தை, கைக்கு வந்த பணத்தை அல்ல. 85 லட்ச விற்பனையில் ஒரு மாத பில் சுமார் 7 லட்சம். பழைய கடனை அடைத்த பிறகும் கட்டியது போக உங்களுக்கு மிஞ்சுவது வருடத்துக்கு 3.7 லட்சம்தான். எல்லா கஸ்டமரும் பணம் தருவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அதைப் போல இரண்டு மடங்கு பணம் வெளியே சிக்கிக்கொள்ளும், டிஎஸ்சிஆர் 1.42 என்று இருந்தாலும் தவணைத் தேதியில் அக்கவுண்ட்டில் பணம் இருக்காது. அதனால் டேர்ம் லோனைப் பற்றிப் பேசப் போகும்போதே, கூடும் விற்பனைக்கு ஏற்ப சிசி லிமிட்டையும் உயர்த்தித் தர வேண்டும் என்று அதே விண்ணப்பத்தில் சேர்த்துக் கேளுங்கள். மெஷின் வந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால், அதற்குள் ஒன்றிரண்டு தவணை தாமதமாகியிருந்தால் அதுவும் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.